எல்லையில் நிற்பவர் எல்லாம் பட்டாளத்துக்காரரா?

வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவன் ராணுவத்தில் சிப்பாய். சின்னவன் எல்லைப் பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள். இருவரும் பச்சையும் காக்கியும் கலந்த உடுப்புப் போடுகிறார்கள். இருவர் கையிலும் துப்பாக்கி. லீவில் வந்தால் இருவருமே தகரப் பெட்டியோடு காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள்.

"உங்க ரெண்டு பிள்ளையும் மிலிட்டரியாம்மா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். "ஆமாம்மா, ரெண்டு பேரும் பட்டாளந்தான்" என்கிறாள் தாய்.

அந்தத் தாய் சொன்னது பாதிதான் சரி. பெரியவன் பட்டாளத்துக்காரன். சின்னவன் சட்டப்படி போலீஸ்காரன். பத்திரிகைகளில் "துணை ராணுவம்" என்று எழுதுகிறார்கள். சர்க்கார் காகிதங்களில் அந்தப் பெயர் இல்லை. "மத்திய ஆயுதப் போலீஸ் படைகள்" என்றுதான் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ், நேபாள எல்லையையும் பூட்டான் எல்லையையும் காக்கும் சஷஸ்திர சீமா பல், ஆலைகளையும் விமான நிலையங்களையும் காக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படை ஆகியவை அதில் அடங்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரைப் பொறுத்துத்தான் யார் உத்தரவு போடுவது, எப்போது சுடுவது, பிடித்த ஆளை என்ன செய்வது, வேலை முடிந்தபின் என்ன கிடைப்பது என்பதெல்லாம் அமைகின்றன.

கட்ச் பாலைவனத்தில் ஓர் இரவு

இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதை அறிய 1965-ம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

குஜராத்தின் வடமேற்கு மூலையில் கட்ச் என்ற பகுதி இருக்கிறது. வெயில் காலத்தில் அது வெறும் உப்பு மண். மழைக் காலத்தில் சேறும் நீரும். அந்தப் பக்கம் பாகிஸ்தான். எல்லை எது என்பதில் இரண்டு நாட்டுக்கும் தகராறு. கஞ்சர்கோட் என்ற பாழடைந்த கோட்டையருகே பாகிஸ்தானியர் நடமாட்டம் அதிகமாயிற்று. அவர்களைக் கண்காணிக்க இந்தியா இரண்டு காவல் நிலைகளை அமைத்தது. ஒன்றின் பெயர் சர்தார் நிலை. மற்றொன்று டாக் நிலை.

அங்கே காவலுக்கு நின்றது ராணுவம் அல்ல. மத்திய ரிசர்வ் போலீஸின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்த சிறு படை.

ஏப்ரல் 9-ந் தேதி. பொழுது விடிய இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தது. திடீரென்று பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. இருட்டில் பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடு ஒன்று முன்னேறி வந்தது. ஒரு பிரிகேடு என்றால் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். பின்னால் பீரங்கிகள். எதிரே நின்ற போலீஸ்காரர்களோ சில நூறு பேர்கூட இல்லை. அவர்களிடம் பீரங்கி கிடையாது.

அவர்கள் ஓடவில்லை. எதிரி மிக அருகில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். விடிந்த பின்பும் சண்டை நீடித்தது. ரிசர்வ் போலீஸின் கணக்குப்படி எதிரிகளில் 34 பேர் இறந்தார்கள். நான்கு பேர் உயிரோடு பிடிபட்டார்கள். நம் தரப்பிலும் ஜவான்கள் உயிர் துறந்தார்கள். ரிசர்வ் போலீஸ் இன்றும் ஏப்ரல் 9-ந் தேதியை வீர தினமாகக் கொண்டாடுகிறது.

வீரம் ஒரு பக்கம் இருக்கட்டும். டில்லியில் இருந்தவர்களுக்கு வேறு ஒரு கவலை. போலீஸ்காரனை ஏன் பிரிகேடுக்கு எதிரே நிறுத்தினோம்? பிரிகேடு வருவது முன்கூட்டியே ஏன் தெரியவில்லை?

பதில் சங்கடமானது. அந்தக் காலத்தில் பாகிஸ்தான் எல்லை முழுவதையும் காப்பதற்கு என்று ஒரே படை இல்லை. அந்தந்த ராஜ்யத்தின் ஆயுதப் போலீஸ் அந்தந்தப் பகுதியைக் காத்தது. பஞ்சாப் எல்லையைப் பஞ்சாப் போலீஸும், ராஜஸ்தான் எல்லையை ராஜஸ்தான் போலீஸும் பார்த்துக்கொண்டன. ஒரு ராஜ்யத்தின் ஆயுதம் வேறு, பயிற்சி வேறு. ஒரு காவல் நிலையில் கண்டது அடுத்த ராஜ்யத்துக் காவல் நிலைக்குத் தெரியவேண்டுமானால் சேதி தலைநகர்களைச் சுற்றி வரவேண்டும். திருடனுக்கு வேண்டுமானால் இந்த ஏற்பாடு போதும். படைக்குப் போதாது.

அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய யுத்தம் வந்து ஓய்ந்தது. டிசம்பர் 1-ந் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது. ராஜ்யங்களின் ஆயுதப் போலீஸ் பட்டாலியன்களே அதன் தொடக்கம். முதல் தலைவர் கே. எப். ருஸ்தம்ஜி. அவர் ராணுவ ஜெனரல் அல்ல, போலீஸ் அதிகாரி. அதற்கு முன் மத்தியப் பிரதேசத்தில் போலீஸ் தலைவராக இருந்தவர்.

அன்று இருபத்தைந்துக்குச் சற்று மேற்பட்ட பட்டாலியன்கள். இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பாகிஸ்தான் எல்லையும், 4,096 கிலோமீட்டர் நீளமுள்ள வங்காள தேச எல்லையும் அவர்கள் பொறுப்பு.

ராணுவத்தையே நிறுத்தினால் என்ன?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் தோன்றும். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவம் இருக்கிறதே, அவர்களையே வேலி ஓரம் நிறுத்திவிட்டால் தீர்ந்தது அல்லவா?

தீராது. இரண்டு வீடுகளுக்கு நடுவே வேலித் தகராறு வந்தால், வாசலில் இரண்டு பேர் நின்று பேசலாம். இரண்டு வீட்டு வாலிபர்களும் அரிவாளோடு எதிரெதிரே நின்றால் ஒரு தும்மல் போதும், வெட்டுக்குத்து ஆகிவிடும். இரண்டு ராணுவங்கள் அருகருகே நின்றாலும் அப்படித்தான். ஆகையால் அமைதிக் காலத்தில் எல்லைக் கோட்டருகே போலீஸ் போன்ற படைகளை வைத்துவிட்டு, ராணுவத்தைப் பின்னால் வைப்பது பல நாடுகளின் வழக்கம். இந்தியாவும் வங்காள தேசமும் 1975-ல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் யாரும் பாதுகாப்பு அரண்கள் கட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. இதனால் இந்தியா போட்ட முள்வேலி பல இடங்களில் கோட்டிலிருந்து அந்தத் தூரம் உள்ளே தள்ளி நிற்கிறது. நம் விவசாயிகளின் நிலம் வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. காவல்காரர்கள் குறித்த நேரத்தில் வேலியில் உள்ள கதவைத் திறக்கிறார்கள். விவசாயி அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டு ஏரோடு போகிறான். மாலையில் கதவு மூடுமுன் திரும்பவேண்டும்.

ஏரும் மாடும் போகிற கதவைத் திறந்து மூடுவது பட்டாளத்து வேலையா? எல்லையில் ஒரு நாளில் நடப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். கடத்தல், திருட்டுக் குடியேற்றம், வழி தவறி வந்த ஆடு மாடு, காணாமற்போன சிறுவன். இவற்றுக்குச் சட்டம் தெரிந்த ஆள் வேண்டும்.

காஷ்மீர்ப் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோடு வேறு மாதிரி. அது ஒப்புக்கொண்ட எல்லை அல்ல. இரண்டு படைகள் நின்ற இடம். அங்கே ராணுவமே முன்னால் நிற்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படையின் சில பட்டாலியன்கள் அங்கே ராணுவத் தளபதியின் உத்தரவுக்குக் கீழ் வேலை செய்கின்றன.

பிடிபட்ட மூட்டை

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வங்காள எல்லையில் ஓர் இரவைப் பார்க்கலாம்.

பனிக்காலம். ஆற்றோரம். நாலைந்து ஜவான்கள் மூங்கில் புதரில் பதுங்கி இருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்குப் பத்துப் பேர் தலையில் மூட்டைகளோடு கோட்டை நோக்கி நடக்கிறார்கள். மூட்டையில் இருமல் மருந்துப் பாட்டில்கள். அந்த மருந்தில் அபின் வகைச் சரக்கு இருக்கிறது. அப்பால் அதைப் போதைக்குக் குடிக்கிறார்கள். ஆகவே நல்ல விலை.

இதே கூட்டம் யுத்த காலத்தில் ஒரு ராணுவச் சிப்பாயின் எதிரில் வந்தால், அவனுக்கு அது எதிரிக் கூட்டம். அவன் சுடலாம். இங்கே சுட முடியாது. வருகிறவர் எதிரி அல்ல, குற்றவாளி. அவர்களில் பாதிப்பேர் கூலிக்கு மூட்டை தூக்குகிற நம் ஊர் ஏழைகளாகவும் இருக்கலாம்.

முதலில் "நில்!" என்று அதட்டவேண்டும். நிற்காவிட்டால் துரத்தலாம். வங்காள தேச எல்லையில் ஆட்கள் சாகிறார்கள் என்ற புகார் பலமாக எழுந்ததால், ரப்பர் குண்டு போடும் துப்பாக்கிகளும் அங்கே கொடுக்கப்பட்டன. ஆனால் கடத்தல்காரர் அரிவாளோடு நெருங்கி வந்து வெட்டினால் ஜவான் என்ன செய்வான்? தன் உயிரைக் காக்கச் சுடுகிறான். அதற்குப்பின் விசாரணை வருகிறது. எத்தனை குண்டு, எந்தத் தூரத்தில், முன்னாலிருந்தா முதுகிலா என்று கேட்கிறார்கள். இரு பக்கத்திலும் உயிர்ச் சேதம் இன்றும் முற்றாக நிற்கவில்லை.

எட்டுப் பேர் ஓடிவிட்டார்கள். இருவர் பிடிபட்டார்கள். இனிமேல்தான் பேனா வேலை. பாட்டில்களை எண்ணவேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் பிடித்தோம் என்று கைப்பற்றல் பட்டியல் எழுதவேண்டும். ஆளையும் சரக்கையும் உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனில் தாமதமின்றி ஒப்படைக்கவேண்டும். சரக்குச் சுங்கம் சம்பந்தப்பட்டதானால் சுங்க இலாகாவுக்குப் போகும். கைதான ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டம்.

எல்லைப் பாதுகாப்புப் படைக்குச் சோதனை போடவும், பறிமுதல் செய்யவும், கைது செய்யவும் அதிகாரம் உண்டு. வழக்கைப் பதிவு செய்து துப்புத் துலக்கிக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யும் அதிகாரம் இல்லை. அது ராஜ்யப் போலீஸின் வேலை. பிடித்த ஜவான் கோர்ட்டில் சாட்சி மட்டுமே. மூன்று வருஷம் கழித்து வழக்கு வரும்போது அவனோ ராஜஸ்தான் மணலில் காவல் காத்துக்கொண்டிருப்பான். பட்டியலில் மணி தப்பாக எழுதியிருந்தால் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். வழக்குத் தோற்கும்.

ராணுவச் சிப்பாய்க்குச் சாதாரண நேரத்தில் இந்த அதிகாரமே கிடையாது. கலகம் முற்றிப்போனால் மாஜிஸ்திரேட்டு ராணுவத்தைக் கூப்பிடலாம். ராணுவம் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போய்விடும். விசேஷச் சட்டம் அமலில் உள்ள இடங்களில் மட்டும் அதற்கு அதிக அதிகாரம் உண்டு.

எல்லையிலிருந்து எத்தனை தூரம்வரை இந்தப் படை உள்ளே வரலாம்? இது பெரிய தகராறு. 2021 அக்டோபரில் மத்திய சர்க்கார் பஞ்சாப், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் மூன்றிலும் 15 கிலோமீட்டராக இருந்ததை 50 ஆக்கியது. குஜராத்தில் 80-ஆக இருந்தது 50-ஆகக் குறைந்தது. பஞ்சாப், மேற்கு வங்காளச் சட்டசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. பஞ்சாப் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. போலீஸ் என்பது ராஜ்யத்தின் பொறுப்பு, எங்கள் வீட்டுக்குள் இன்னொரு போலீஸா என்பது அவர்கள் வாதம். கடத்தல்காரன் டிரோனில் சரக்கு அனுப்புகிறான், பழைய தூரம் போதாது என்பது டில்லியின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ராணுவத்தைப் பற்றி இப்படி ஒரு சண்டை எழுவதே இல்லை. ராணுவம் முழுக்க மத்திய சர்க்காரின் பொறுப்பு என்பதே காரணம்.

யாருடைய உத்தரவு?

ராணுவம் பாதுகாப்பு இலாகாவின் கீழ் இருக்கிறது. ராணுவத் தலைமைத் தளபதிக்குக் கீழே வட்டாரத் தளபதிகள், பிறகு படிப்படியாக இறங்கிப் பட்டாலியன்வரை ஒரே சங்கிலி. கீழே சிப்பாயாகச் சேர்ந்தவன் நாயக், ஹவில்தார், சுபேதார் என்று ஏறுவான். அதிகாரிகள் லெப்டினன்டில் தொடங்கி ஜெனரல்வரை போவார்கள். மேலே இருக்கிற ஜெனரலும் இளமையில் லெப்டினன்டாக ஒரு படைப்பிரிவில் மண்ணில் படுத்து எழுந்தவர்தான்.

எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறையின் கீழ் இருக்கிறது. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், சப்-இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் என்று போலீஸ் பட்டங்கள். அதற்குமேல் உதவிக் கமாண்டன்ட், கமாண்டன்ட். அதற்கும் மேலே டி.ஐ.ஜி., ஐ.ஜி., கடைசியில் டைரக்டர் ஜெனரல். டைரக்டர் ஜெனரலாக வருபவர் வழக்கமாக இந்தியப் போலீஸ் சர்வீஸ் அதிகாரி. அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஏதோ ஒரு ராஜ்யத்தின் ஜில்லாக்களில் கழித்துவிட்டு வந்தவர்.

இதில்தான் உள்ளே ஒரு புகைச்சல். உதவிக் கமாண்டன்டாகப் படையிலேயே சேர்ந்த அதிகாரி இருபது வருஷம் எல்லையில் கிடக்கிறார். பதவி உயர்வு வரும்போது வெளியிலிருந்து வந்தவர் அந்த நாற்காலியில் இருக்கிறார். இந்த வழக்கு நெடுநாள் நடந்தது. ஐ.ஜி. பதவிவரை வெளியிலிருந்து வருவோரின் இடங்களை இரண்டு ஆண்டுக்குள் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

ராணுவ அதிகாரியைத் தலைவராகப் போட்டால் இந்தக் குறை தீருமா? பக்கத்து நாட்டைப் பார்த்தால் சந்தேகந்தான். வங்காள தேசத்தின் எல்லைப் படைக்கு ராணுவத்திலிருந்துதான் அதிகாரிகள் வருகிறார்கள். சம்பளம், ரேஷன், அதிகாரிகளின் நடத்தை பற்றிய கசப்பு வளர்ந்து, 2009 பிப்ரவரியில் டாக்காவில் அந்தப் படையின் தலைமையகத்திலேயே ஜவான்கள் கலகம் செய்தார்கள். இரண்டு நாளில் 57 ராணுவ அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்தப் படையின் பெயரையே மாற்றினார்கள். தலைவர்கள் வேறு ஜாதி, தொண்டர்கள் வேறு ஜாதி என்ற எண்ணம் எந்தப் படைக்கும் நஞ்சு.

யுத்தம் வந்தால் என்ன? அப்போது எல்லைப் படை ராணுவத்தின் உத்தரவுக்குக் கீழ் போய்விடும். 1971-ல் அப்படித்தான் நடந்தது. சண்டை தொடங்கும்வரை முன்வரிசையில் நிற்பது, தொடங்கியபின் ராணுவத்துக்குப் பக்கபலமாய் இருப்பது, பின்புறத்தைக் காப்பது என்று ஏற்பாடு. இந்தப் படையிடம் கொஞ்சம் பீரங்கிகூட உண்டு. ஒட்டகப் படையும், படகுப் படையும் உண்டு. டாங்கிப் படை கிடையாது.

சீன எல்லையில் நிலைமை சிக்கல். அங்கே இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் உள்துறையின் கீழ் நிற்கிறது. அதே மலையில் ராணுவமும் நிற்கிறது. எதிரே சீனா தன் ஆயுதப் போலீஸையே 2018-ல் முழுக்க ராணுவக் கமிஷனின் கீழ் கொண்டுவந்துவிட்டது. அங்கே ஓர் எஜமான், இங்கே இரண்டு. இந்தப் போலீஸையும் தன் உத்தரவின் கீழ் விடவேண்டும் என்பது ராணுவத்தின் பழைய கோரிக்கை. உள்துறை இணங்கவில்லை. வடகிழக்கில் உள்ள அஸ்ஸாம் ரைபிள்ஸ் ஒரு நடுவழி: சம்பளமும் நிர்வாகமும் உள்துறை, சண்டைக்கான உத்தரவு ராணுவம்.

பயிற்சியில் எங்கே வழி பிரிகிறது?

முதல் சில மாதங்களில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பாடம். விடியுமுன் ஓட்டம், கயிறு ஏறுதல், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுதல், குறி பார்த்தல்.

பிறகு வழி பிரிகிறது. அண்ணன் கற்பது எதிரியின் நிலையைத் தாக்கிப் பிடிப்பது. பத்துப் பேர் சுட்டு எதிரியைத் தலைகுனிய வைக்க, மற்றப் பத்துப் பேர் முன்னேறவேண்டும். அவனுடைய அதிகாரி பரங்கிமலையிலோ டேராடூனிலோ படித்துவிட்டு வந்தவர். காலாளையும் பீரங்கியையும் டாங்கியையும் ஒரே நேரத்தில் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்பதே அவருடைய வித்தை.

தம்பி கற்பது தற்காப்போடு சட்டம். யாரை எப்போது சோதனை போடலாம், பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும், பட்டியல் எப்படி எழுதுவது, கூட்டத்தை லத்தியாலும் கண்ணீர்ப் புகையாலும் எப்படிக் கலைப்பது. குவாலியர் அருகே தேகன்பூரில் இந்தப் படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கண்ணீர்ப் புகைக் குண்டு தயாரிக்கும் ஆலையும், நாய்களைப் பழக்கும் பள்ளியும் அங்கேயே இருக்கின்றன. பட்டாளக் கல்லூரியில் கண்ணீர்ப் புகை ஆலை எதற்கு? அது ஒன்றே இரண்டு படைகளின் வேலையும் வேறு என்று காட்டிவிடும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் முதல் பயிற்சியில் இல்லை. அதற்குப்பின் வரும் வருஷங்களில் இருக்கிறது. ராணுவப் பட்டாலியன் சில காலம் பனிமலையில் நின்றால், பிறகு அமைதியான ஊருக்கு மொத்தமாய்த் திரும்பி வரும். ஓய்வு எடுக்கும். திரும்பப் பழகும். எண்ணூறு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். யார் பயப்படுவான், யார் முன்னால் பாய்வான் என்று ஒருவனுக்கொருவன் தெரியும்.

போலீஸ் படைகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைக் கம்பெனி கம்பெனியாகப் பிய்த்து அனுப்புகிறார்கள். இந்த மாதம் தேர்தல், அடுத்த மாதம் கலவரம், பிறகு யாத்திரைப் பாதுகாப்பு. போன இடத்தில் ஜில்லா போலீஸ் அதிகாரி சொல்கிற வேலை. தங்கள் கமாண்டன்டைப் பல மாதம் பார்க்காத கம்பெனிகளும் உண்டு. சேர்ந்து பழகப் பொழுது ஏது?

இதன் விலை என்ன என்பது 2010 ஏப்ரல் 6-ந் தேதி தெரிந்தது. சத்தீஸ்கரின் தண்டேவாடா காட்டில் ரோந்து சென்று திரும்பிய ரிசர்வ் போலீஸ் கம்பெனியை மாவோயிஸ்டுகள் மறைந்திருந்து சூழ்ந்துகொண்டார்கள். 76 பேர் மாண்டார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையின் முன்னாள் தலைவர் ராம்மோகன் விசாரித்து, தலைமையிலும் நடைமுறையிலும் குறைகள் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். காட்டுச் சண்டை என்பது லத்திக்காரன் வேலையும் அல்ல, எல்லைக் காவலும் அல்ல. அதற்கு முன்பே சத்தீஸ்கர் சர்க்கார் காங்கேரில் ஒரு காட்டுப் போர்ப் பள்ளி திறந்து, அதற்கு ஓய்வுபெற்ற ராணுவப் பிரிகேடியரைத் தலைவராக வைத்திருந்தது. போலீஸ்காரனுக்குச் சிப்பாயின் வித்தையைச் சிப்பாயே சொல்லிக்கொடுத்தான். ரிசர்வ் போலீஸுக்குள்ளேயே கோப்ரா என்ற தனிப் படையும் காட்டுக்கென்று உருவாயிற்று.

வீட்டுக்கு வரும் சம்பளமும் பென்ஷனும்

இனி அந்த வேலூர்த் தாயின் வீட்டுக்குத் திரும்பலாம். ஊரில் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: எதில் சேர்வது லாபம்?

பெரியவன் பழைய முறையில் சேர்ந்தவன். பதினைந்து பதினேழு வருஷம் வேலை செய்து நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு வந்துவிடுவான். 2022-க்குப் பின் சிப்பாயாகச் சேருகிறவர்கள் அக்னிவீரர்கள். நான்கே வருஷம். அவர்களில் கால் பங்குவரை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு மொத்தத் தொகையோடு வீடு திரும்பவேண்டும். பென்ஷன் இல்லை. அப்படித் திரும்புகிறவர்களுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் தனி ஒதுக்கீடு கொடுத்திருக்கிறார்கள்.

சின்னவனோ அறுபது வயதுவரை வேலையில் இருக்கலாம். 2004-க்குப்பின் சேர்ந்தவன் ஆகையால் ராணுவத்தினருக்கு உள்ள பழைய பென்ஷன் அவனுக்கு இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற புது முறை. "எல்லையில் நிற்கும்போது நாங்கள் ஆயுதப் படை, பென்ஷன் கேட்கும்போது மட்டும் சிவில் உத்தியோகஸ்தரா?" என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் டில்லி ஐகோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கு "முன்னாள் படைவீரர்" என்று பெயர். ஜில்லாவுக்கு ஒரு நல அலுவலகம் உண்டு. உத்தியோகங்களில் ஒதுக்கீடு உண்டு. எல்லைப் படையில் முப்பது வருஷம் நின்றவன் அந்தப் பட்டியலில் வருவதில்லை. 2012-ல் அவர்களுக்கு "முன்னாள் மத்திய ஆயுதப் போலீஸ் படையினர்" என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். ஆனால் முன்னாள் படைவீரருக்குள்ள உரிமைகள் எல்லாம் அந்தப் பெயரோடு வந்துவிடவில்லை.

தீபாவளிக்கு இருவரும் லீவில் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வேண்டும். பெரியவனுக்கு ராணுவக் கேன்டீன் கார்டு இருக்கிறது. சின்னவனுக்குப் போலீஸ் படைகளின் தனிக் கேன்டீன். அண்ணனிடம் லிமிட் தீர்ந்துவிட்டது. "உன் கார்டைக் குடுடா, வாங்கிட்டு வந்துடறேன்" என்கிறான்.

"அங்கே என் கார்டு செல்லாதுண்ணே" என்கிறான் தம்பி.